இன்னும் இரண்டு ரூபாய்

(சிறுதொழில் முனைவோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். முருகனும் லட்சுமியும் அருவியும் குழந்தையும் வரிசையாக அடுக்கிய அந்த ஆல்பத்தைப் பார்த்துத்தான் ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் தங்கள் கடைப் பெயர் போட ஆர்டர் கொடுக்கிறார்கள். ஆகஸ்டில் தொடங்கும் வேலை டிசம்பர் கடைசி வரை ஓடும். புத்தாண்டு பிறந்துவிட்டால் மீந்த காலண்டருக்குக் காகித விலைதான். கெடு இத்தனை கறாராக இருக்கிற தொழிலில் விலைப் பேச்சும் கறாராகவே நடக்கிறது. அதனால், கழிவு கேட்பவரிடம் மறுப்புச் சொல்வது என்ற இன்றைய தலைப்புக்கு இந்தத் தொழிலிலிருந்தே ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் ரூபாய்கள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. அச்சகத்துக்கு அச்சகம் அவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு நடுத்தர அச்சகம். அதற்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஜவுளிக்கடை வாடிக்கை. எட்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு 3000 தினசரி காலண்டர் எடுக்கிறது. இன்றைய பட்டியல் விலை ஒன்றுக்கு 44 ரூபாய். ஜவுளிக்கடைக்கு மட்டும் 40. நடுவில் இருக்கும் நான்கு ரூபாய் ஒரே நாளில் போனதில்லை. முதல் ஆர்டரைப் பிடிப்பதற்காக இரண்டு ரூபாய் குறைந்தது. 2020-இல் கொரோனாவால் கடைகள் மூடிக் கிடந்தபோது, ‘இந்த ஒரு வருஷம் மட்டும்’ என்று இன்னொரு ரூபாய் குறைந்தது. பிறகு ஓர் ஆண்டு கடைக்காரர் வேறோர் அச்சகத்தின் விலைச்சீட்டைக் காட்டியதில் மேலும் ஒரு ரூபாய் போயிற்று. கொரோனா போய்விட்டது, அந்த விலைச்சீட்டும் எங்கோ தொலைந்துவிட்டது, கழிவு மட்டும் தங்கிவிட்டது. இந்த ஆண்டு ஜவுளிக்கடை அண்ணாச்சி மறுபடியும் வந்து நிற்கிறார்.

“தம்பி, எட்டு வருஷமா உங்ககிட்டதான் எடுக்கிறேன். இந்தத் தடவை இன்னும் ரெண்டு ரூபா பார்த்துப் போடுங்க.”

கேட்பது வெறும் இரண்டு ரூபாய், நூற்றுக்கு ஐந்து. அச்சகக்காரரின் வாய் ‘சரி’ என்று சொல்லத் துடிக்கும். அதற்கு முன் அவர் பார்க்க வேண்டியது செலவுத்தாளை.

ஒரு காலண்டருக்கு 365 தேதித்தாள் கொண்ட கட்டு 14 ரூபாய். பின்னட்டையும் படம் அச்சிடும் தாளும் 8. அச்சு, மை, பிளேட், லேமினேஷன் எல்லாம் சேர்த்து 5. ஒட்டுவது, பின் அடிப்பது, பேக்கிங், கூலி 3. மொத்தம் 30 ரூபாய். இது ஒவ்வொரு காலண்டருக்கும் கையை விட்டுப் போகிற பணம். இதற்கு மேல் கட்டட வாடகை, மாதச் சம்பளம், இயந்திரத்தின் தவணை, மின்சாரத்தின் நிலைக்கட்டணம் ஆகியவை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிற செலவுகள். அவற்றில் இந்த ஆர்டரின் பங்கு காலண்டருக்கு 6 ரூபாய். ஆக அடக்கம் 36, விற்பது 40, நிற்கும் லாபம் 4.

அண்ணாச்சி கேட்கிற இரண்டு ரூபாய் அவருக்கு விலையில் நூற்றுக்கு ஐந்து, அச்சகத்துக்கு லாபத்தில் நூற்றுக்கு ஐம்பது. காகிதக் கடைக்காரரோ மை விற்பவரோ மின்வாரியமோ இந்தக் கழிவில் பங்கெடுத்துக்கொள்ளப் போவதில்லை. முழுச் சுமையும் கடைசி நான்கு ரூபாயின் மேல் இறங்குகிறது.

“விலையைக் குறைத்தால் எண்ணிக்கை கூடும்” என்பது வழக்கமான சமாதானம். அதையும் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். இப்போது 40 ரூபாயில் நேரடிச் செலவு 30 போக, காலண்டருக்கு 10 ரூபாய் அச்சகத்துக்குள் வருகிறது. 3000-க்கு முப்பதாயிரம். விலை 38 ஆனால் எட்டு ரூபாய்தான் வரும். அதே முப்பதாயிரம் வேண்டுமென்றால் 3750 காலண்டர் விற்றாக வேண்டும், அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து கூடுதல். ஜவுளிக்கடையோ தன்னிடம் துணி எடுக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் காலண்டர் அடிக்கிறது. இரண்டு ரூபாய் குறைந்ததற்காக 750 புதுக் குடும்பங்கள் கடைக்கு வந்துவிடப் போவதில்லை. எண்ணிக்கை அதே 3000-இல் நிற்கும், ஆறாயிரம் ரூபாய் மட்டும் குறையும்.

இது அச்சகக்காரரின் பையைப் பற்றிய கணக்கு. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. ஜவுளிக்கடை இருக்கும் அதே தெருவில் ஒரு சிறிய மளிகைக்கடைக்காரர் 300 காலண்டர் எடுக்கிறார். பேரம் பேசத் தெரியாதவர், போட்ட பில்லைக் கட்டிவிட்டுப் போகிறவர். அவருக்கு விலை 44. பெரிய கடைக்குக் குறைப்பது நியாயமா, அநியாயமா?

பாதி நியாயம். ஆல்பத்துப் படங்கள் எல்லோருக்கும் பொதுவாக அச்சாகின்றன. ஒவ்வொரு கடைக்கும் தனியாக ஆகிற வேலை, அந்தக் கடையின் பெயரையும் முகவரியையும் அச்சிடுவதுதான். அதற்குப் பிளேட் போட்டு, இயந்திரத்தைச் சரிசெய்து, முதல் சில தாள்களைக் கழித்துத் தள்ளுவதற்கு 900 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 காலண்டரில் அது ஒன்றுக்கு மூன்று ரூபாயாக விழுகிறது, 3000 காலண்டரில் முப்பது பைசாவாக. ஆக, பெரிய ஆர்டருக்கு இரண்டு, இரண்டரை ரூபாய் குறைவாக வாங்குவதில் தயவு எதுவும் இல்லை, செலவே அவ்வளவு குறைகிறது. நாளைக்கே மளிகைக்கடைக்காரர் 3000 எடுத்தால் அவருக்கும் அந்தக் கழிவு கிடைக்கும், கிடைக்க வேண்டும்.

மீதி இரண்டு ரூபாய்க்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. கேட்டார், கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது கேட்கும் புது இரண்டு ரூபாய்க்கும் கேட்டதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு கழிவு நியாயமானதா என்று பார்ப்பதற்கு எளிய சோதனை இதுதான்: அதே காரியத்தைச் செய்கிற யாருக்கும் அதே கழிவு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது விலைப்பட்டியலில் அச்சிட வேண்டிய கழிவு. கிடைக்காது என்றால், வாய் திறந்து கேட்காத மளிகைக்கடைக்காரர் கட்டுகிற 44-இலிருந்து அது போகிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சமயக் குழுவினர், வாங்க நினைக்கும் தொகையைவிடக் கூட்டிச் சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதி, எல்லோருக்கும் ஒரே விலை என்று விற்றார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்ற பெயர் அவர்களுக்கு வியாபாரத்தையும் கொண்டுவந்தது.

நியாயம் என்றால் என்னவென்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள்? இதைக் கேட்டுப் பார்த்தே எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் கனடாவின் டொரன்டோ, வான்கூவர் நகரங்களில் தொலைபேசி வழியாக மக்களைக் கேட்டு, 1986-இல் அதை வெளியிட்டார்கள். கானமன், தேலர் இருவரும் பிற்காலத்தில் பொருளாதார நோபல் பெற்றவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று கார் விற்பனையாளரைப் பற்றியது. ஒரு காருக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பட்டியல் விலைக்கு விற்றுவந்தவர் அதற்கு மேல் 200 டாலர் கூட்டினால் நியாயமா? நூற்றுக்கு 71 பேர் அநியாயம் என்றார்கள். பட்டியல் விலையில் 200 டாலர் தள்ளுபடி கொடுத்துவந்தவர் இப்போது தள்ளுபடியை நிறுத்திப் பட்டியல் விலைக்கே விற்றால்? நூற்றுக்கு 58 பேர் சரிதான் என்றார்கள். இரண்டிலும் வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுப்பது அதே 200 டாலர்தான். ஆனால் கூட்டுவது உறுத்துகிறது, கழிவை நிறுத்துவது அந்த அளவுக்கு உறுத்துவதில்லை. அதே கட்டுரை, விற்பவரின் செலவு கூடியதால் விலை கூடினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள் என்றும் காட்டியது.

காலண்டர் பில்லுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. எட்டு ஆண்டுகளாக அந்த அச்சகம் பில்லை ஒரே வரியில்தான் எழுதிவந்தது, கடைசியாக ‘தினசரி காலண்டர் 3000, விலை 40’ என்று. 44 என்ற எண்ணை அண்ணாச்சி பார்த்ததே இல்லை. அவர் மனத்தில் பட்டியல் விலையே 40-தான். ஆகவே முன்பு வாங்கிய கழிவெல்லாம் அவர் கணக்கில் இல்லை, இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் கேட்கிறார்! பில்லை மூன்று வரியாக எழுதியிருந்தால் கதை வேறு. முதல் வரியில் பட்டியல் விலை 44. இரண்டாவது வரியில் 3000 அல்லது அதற்கு மேல் எடுப்பதற்கான எண்ணிக்கைக் கழிவு 2. மூன்றாவது வரியில் சிறப்புக் கழிவு 2, அதன் பக்கத்திலேயே ‘இந்த ஆண்டுக்கு மட்டும்’ என்ற குறிப்பு. மறுப்புச் சொல்ல வேண்டிய நாளில் அச்சகக்காரருக்குத் துணை நிற்பது இந்தத் தாள்தான்.

சரி, மறுப்பை எப்படிச் சொல்வது? பெரும்பாலோர் செய்வது, “பார்க்கிறேன் அண்ணாச்சி” என்று சொல்லி அனுப்பிவிடுவது. அண்ணாச்சி வீடு போய்ச் சேர்வதற்குள் அது ‘ஆகட்டும்’ என்று ஆகிவிடுகிறது. பில் வந்து 40 என்று பார்த்தால் சொன்ன சொல் தவறியதாகக் கோபம் வரும். இன்னும் சிலர் காகித விலை, டாலர் விலை, ஆள் கிடைக்காத கஷ்டம், வீட்டுக் கல்யாணச் செலவு என்று பத்துக் காரணம் அடுக்குவார்கள். பத்துக் காரணம் சொன்னால் பத்துக்கும் பதில் வரும். மறுப்பு முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும், எண்ணோடு வர வேண்டும், ஒரே ஒரு காரணத்தோடு வர வேண்டும். அதன் பிறகு, எதைச் செய்தால் விலை குறையும் என்பதைச் சொல்ல வேண்டும்.

“அண்ணாச்சி, இந்தக் காலண்டரை நாப்பதுக்குக் கீழே தர முடியாது, கட்டுபடியாகலை. பட்டியல் நாப்பத்தி நாலு, உங்களுக்கு ஏற்கெனவே நாலு ரூபா குறைச்சுத்தான் போட்டிருக்கேன். விலை இறங்கணும்னா ரெண்டு வழி இருக்கு. முழுப் பணத்தையும் இந்த ஆகஸ்டுலயே கட்டிட்டீங்கன்னா முப்பத்தெட்டரைக்குத் தர்றேன். இல்லைன்னா சின்ன சைஸ் எடுத்துக்கோங்க, அதுக்குத் தனி விலை. எது தோதுன்னு நீங்களே சொல்லுங்க.”

இவ்வளவுதான். பிறகு அச்சகக்காரர் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். அதைத் தாங்க முடியாமல், “சரி, ஒரு ரூபா வேணும்னா குறைச்சுக்கலாம்” என்று வாய் தவறிவிட்டால், முதலில் சொன்ன 40 உண்மையில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த ஆண்டுப் பேச்சு அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.

முன்பணத்துக்கு ஒன்றரை ரூபாய் எங்கிருந்து வந்தது? காலண்டர் நவம்பர், டிசம்பரில் போகும், பணம் பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசியில் வரும் என்பது வழக்கம். காகிதத்துக்கு அச்சகக்காரர் ஆகஸ்டிலேயே பணம் கட்டியாக வேண்டும். நடுவில் ஐந்து மாதம் அவர் வங்கியில் ஓவர்டிராப்ட் வாங்கி ஓட்டுகிறார். 1,20,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்றால் ஐந்து மாதத்துக்கு 6000. காலண்டருக்கு இரண்டு ரூபாய் சரியாக வருகிறது. முன்பணம் வந்தால் இந்த வட்டி மிச்சம். அதில் ஒன்றரையைக் கொடுத்து அரையைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம். மளிகைக்கடைக்காரர் ஆகஸ்டில் பணம் கட்டினாலும் இதே கழிவை அவருக்கும் கொடுக்க முடியும். மேலே சொன்ன சோதனையில் இது தேறிவிடுகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரியும். ஜனவரிக் கடைசியில் வர வேண்டிய பணம் ஐந்து மாதம் தள்ளி ஜூனில் வந்தால், கேட்காமலே இரண்டு ரூபாய் கழிவு கொடுத்ததாகிறது. விலையில் விட்டுக்கொடுக்காமல் நின்றுவிட்டுப் பணத்தைத் தேங்கவிடுவது, முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த கதை. இதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதை வருமான வரியோடும் இணைத்தது. அந்தக் கெடுவுக்குள் பணம் தராத வாங்குபவர், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். வாடிக்கைக்காரர் மேல் வழக்குப் போட யாரும் கிளம்ப மாட்டார்கள்தான். ஆனால் பில்லில் உத்யம் பதிவு எண்ணையும் பணம் தர வேண்டிய தேதியையும் அச்சிட்டுவிட்டால், கடைக்காரரின் ஆடிட்டரே அவரிடம் ஞாபகப்படுத்துவார்.

பின்வாசல் இன்னொன்றும் உண்டு. அண்ணாச்சி மறுப்பைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஜனவரியில் பணம் கொடுக்கும்போது, “ஆறாயிரம் கழிச்சுக்கிட்டேன் தம்பி” என்று சொல்லி 1,14,000 தருவது. இங்கே அச்சகக்காரருக்கு இரட்டை அடி. அவர் முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி பில் போட்டு வரியும் கட்டியாயிற்று. விற்பனைக்குப் பிறகு கொடுத்த கழிவுக்கு வரி குறைய வேண்டுமானால் முறைப்படி கிரெடிட் நோட் போட வேண்டும், வாங்கியவரும் அதற்குரிய உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். வாய்ச்சொல்லாகக் கழித்த ஆறாயிரத்துக்கு இது எதுவும் நடக்காது. வராத பணத்துக்கும் வரி கட்டியதாகவே முடியும். ஆகவே இந்த இடத்தில் சொல்ல வேண்டியது, “பில் தொகை நிக்குது அண்ணாச்சி, மீதி ஆறாயிரத்தை எந்தத் தேதியில அனுப்புவீங்க?” என்பதுதான். வாங்கிய பணத்துக்கு ரசீது போடும்போது பாக்கி 6000 என்று அதிலேயே எழுதிக்கொடுத்துவிடுவது நல்லது.

மறுக்கத் தெரியாதவர்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விலையைக் குறைத்துவிட்டு அந்த நஷ்டத்தைச் சரக்கில் எடுக்கிறார்கள். தேதித்தாளைச் சதுர மீட்டருக்கு 60 கிராமிலிருந்து 54 கிராமுக்கு இறக்கினால், கண்ணுக்குத் தெரியாமல் காகிதத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். அட்டை கொஞ்சம் மெலியும், லேமினேஷன் வார்னிஷாக மாறும். ஆனால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். அதே அளவு, அதே 365 தாள் என்றால் கட்டின் எடை கிராம் கணக்கோடு நேராக இறங்கும். அரைக் கிலோ இருந்த கட்டு 450 கிராம் இருக்கும். அண்ணாச்சியின் வாடிக்கையாளர் வீட்டில் தாளைக் கிழிக்கும்போது அடுத்த நாள் எண்ணும் மேலே தெரியும். அப்போது கெடுவது துணிக்கடையின் பெயர். பேசிய விலைக்குப் பேசிய சரக்கைத் தருவதற்காகத்தான் மறுப்பே.

அதே தராசு அச்சகக்காரருக்கும் உதவும். “எதிர்த்த பிரஸ்ல முப்பத்தேழுக்குத் தர்றாங்களே” என்று அண்ணாச்சி சொன்னால், “அந்தச் சாம்பிளைக் கொண்டுவாங்க, ரெண்டையும் எடை போட்டுப் பார்ப்போம்” என்று சொல்லலாம். எடை குறைந்தால் விஷயம் அங்கேயே தீர்ந்தது. எடையும் அட்டையும் லேமினேஷனும் ஒன்றாகவே இருந்து விலை மட்டும் குறைவு என்றால், எதிர்த்த அச்சகம் வேகமான இயந்திரம் வாங்கியிருக்கலாம், காகிதத்தை மலிவாகப் பிடித்திருக்கலாம். அங்கே பிடிவாதம் செல்லாது. தன் அடக்கத்தைத்தான் குறைக்க வழி பார்க்க வேண்டும். குறைந்தால் மளிகைக்கடைக்காரருக்கும் சேர்த்துக் குறைக்க வேண்டும். ஊர் அச்சகங்கள் எல்லாம் கூடி ‘இதற்குக் கீழே யாரும் தரக் கூடாது’ என்று முடிவுசெய்துகொள்ளும் ஆசை சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும். போட்டியாளர்கள் பேசிவைத்து விலை நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்படி நடவடிக்கைக்கு உள்ளாகும் என்பதால் அந்தக் கதவு அடைபட்டது. அவரவர் விலையை அவரவர்தான் காக்க வேண்டும்.

மறுப்புக்குக் காலமும் உண்டு. நவம்பரில் இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. அப்போது 38-க்கு ஏற்கும் 3000, பட்டியல் விலைக்கு வரக்கூடிய இன்னொரு ஆர்டரின் நேரத்தைத் தின்றுவிடும். மார்ச்சில் இயந்திரம் சும்மா நிற்கிறது. அப்போது அதே அண்ணாச்சி விலைப்பட்டியலோ பை அட்டையோ அடிக்கக் கேட்டால், நேரடிச் செலவுக்கு மேல் எது வந்தாலும் அது வாடகைக்கு உதவும். ‘மார்ச் முதல் ஜூன் வரை கொடுக்கும் வேலைக்கு நூற்றுக்கு ஐந்து குறைவு’ என்று பட்டியலிலேயே அச்சிட்டுவிட்டால் அதுவும் எல்லோருக்கும் பொதுவான கழிவாகிவிடும். மறுத்த கையோடு அண்ணாச்சிக்குச் சொல்வதற்கும் ஒன்று கிடைக்கும்.

எல்லாம் சொன்ன பிறகும் அண்ணாச்சி எழுந்து போய்விடலாம். அந்தச் சாத்தியத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவைக்க வேண்டும். அவர் போனால் அச்சகத்துக்குக் குறைவது 1,20,000 இல்லை, நேரடிச் செலவு போன முப்பதாயிரம்தான். பட்டியல் விலைக்கு 300 எடுக்கும் கடை ஒன்றிடமிருந்து, பெயர் அச்சுக்கான கூடுதல் செலவு போக, காலண்டருக்குப் பதினொரு ரூபாய் வந்தாலும் 3300 கிடைக்கும். அப்படி ஒன்பது, பத்துக் கடை பிடித்தால் இடம் நிரம்பிவிடும். ஆகஸ்டில் அதற்குக் காலம் இருக்கிறது, டிசம்பரில் இல்லை. ஆனால் அச்சகத்தின் மொத்த வரவில் பாதி இந்த ஒரு கடையிலிருந்து வருகிறது என்றால், இந்த ஆண்டு மறுக்கும் வலு அவருக்கு இருக்காது. அவர் இந்த ஆண்டு வேறு வழியில்லாமல் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்து, அதைப் பில்லில் தனி வரியாக எழுதி, அடுத்த ஆடிப்பெருக்குக்குள் அந்தப் பாதியைக் கால் பங்காக்கச் சிறு கடைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். கூட்டம் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது சென்ற ஆண்டுப் பில் கட்டை: எத்தனை வாடிக்கைக்காரருக்குப் பட்டியல் விலையே தெரியாமல் பில் போயிருக்கிறது என்று எண்ணிவிட்டு, அடுத்த பில்லிலிருந்து அந்த வரியைச் சேர்த்துவிடலாம்.